வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கு

ஒரு வளைகோட்டுக்குக் கீழே அடங்கும் பரப்பைக் கணக்கிட எளிய வழி ஒன்று உண்டு. அந்தப் பரப்பைச் சம அகலமுள்ள பட்டைகளாகக் கீறிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பட்டையின் உச்சியிலும் வளைவை மறந்துவிட்டு, இரு முனைகளையும் நேர்கோட்டால் இணைக்க வேண்டும். அப்போது ஒவ்வொரு பட்டையும் ஒரு சரிவகம் ஆகிவிடும். இடப்பக்க உயரத்தையும் வலப்பக்க உயரத்தையும் கூட்டிப் பாதியாக்கி, அகலத்தால் பெருக்கினால் அதன் பரப்பு கிடைக்கும். எல்லாப் பட்டைகளின் பரப்பையும் கூட்டினால் கிடைப்பது முழுப் பரப்பின் தோராய மதிப்பு. இதற்குச் சரிவக விதி என்று பெயர்.

விதி எளிமையானதுதான். ஆனால் அதில் துல்லியம் மெதுவாகவே கூடும். விடையில் இன்னும் ஒரு தசம இடம் சரியாக வர வேண்டுமானால் பட்டைகளின் எண்ணிக்கையை மூன்று மடங்குக்கு மேல் கூட்ட வேண்டியிருக்கும். இரண்டு இடம் வேண்டுமானால் பத்து மடங்கு. கையால் கணக்குப் போட்ட காலத்தில் இது பெரும் பாடு. ஒரு புள்ளியில் உயரத்தைக் கண்டுபிடிக்கவே மணிக்கணக்கில் ஓட வேண்டிய கணினி நிரல்களில் இன்றும் அப்படித்தான். இந்தப் பாட்டைக் குறைக்கும் வழி, விதி செய்யும் பிழையின் ஒழுங்கிலேயே இருக்கிறது.

ஒரே ஒரு பட்டையை அருகில் வைத்துப் பார்க்கலாம். வளைவு கீழ்நோக்கித் தொய்ந்திருக்கிறது. அதன் இரு முனைகளையும் இணைக்கும் நேர்கோடு அதற்குச் சற்று மேலே போகிறது. இரண்டுக்கும் நடுவே பிறை நிலாவைப் போல ஒரு மெல்லிய கீற்று. அந்தக் கீற்றின் பரப்புதான் இந்தப் பட்டையில் நேரும் பிழை. இப்போது பட்டையை நடுவில் வெட்டி இரண்டாக்கினால் பெரிய கீற்று இருந்த இடத்தில் இரண்டு சிறிய கீற்றுகள் வரும். ஒவ்வொன்றின் நீளமும் பழையதில் பாதி. தடிமன் பாதி அல்ல, கால் பங்கு. வட்டத்தின் ஒரு வில்லைப் பாதியாக்கினால் நாணுக்கும் வில்லுக்கும் உள்ள உயரம் ஏறத்தாழக் கால் பங்காகக் குறைவதைப் போல. பாதி நீளமும் கால் தடிமனும் சேர்ந்து, ஒவ்வொரு சிறு கீற்றின் பரப்பும் பழையதில் எட்டில் ஒரு பங்கு ஆகிறது. அப்படி இரண்டு கீற்றுகள் இருப்பதால் மொத்தப் பிழை கால் பங்கு. அகலத்தைப் பாதியாக்கினால் பிழை கால் பங்காகும் என்பதே இந்த விதியின் அடிப்படை ஒழுங்கு.

இந்த ஒழுங்கு தெரிந்துவிட்டால் அடுத்த அடி தானாக வரும். பெரிய பட்டைகளில் கிடைத்த விடையை T₁ என்றும், அகலத்தைப் பாதியாக்கிப் பெற்ற விடையை T₂ என்றும் வைத்துக்கொள்ளலாம். உண்மையான பரப்பு நமக்குத் தெரியாது. ஆனால் T₂ உண்மையைவிட ஒரு பங்கு கூடுதலாக இருந்தால், T₁ நான்கு பங்கு கூடுதலாக இருக்கும் என்று தெரியும். அப்படியானால் இரண்டு விடைகளுக்கும் உள்ள வித்தியாசம் மூன்று பங்கு. அந்த வித்தியாசம் நம் கையில் இருக்கும் எண். அதை மூன்றால் வகுத்தால் ஒரு பங்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும்; அதை T₂-விலிருந்து கழித்துவிடலாம். வளைவு மேல்நோக்கிக் குவிந்திருந்து விடைகள் குறைவாக வந்தால், அதே மூன்றில் ஒரு பங்கைக் கூட்ட வேண்டும். இரண்டு நிலைக்கும் பொதுவாக எழுதினால்:

(4T₂ − T₁) / 3

இரண்டு தோராயங்களும் பிழையானவை. ஆனால் அவற்றின் பிழைகளுக்குள் ஓர் உறவு இருப்பதால், அந்தப் பிழையை அவற்றைக் கொண்டே நீக்க முடிகிறது. புதிதாக ஒரு புள்ளியிலும் உயரத்தைக் கணக்கிட வேண்டியதில்லை. T₂-வுக்காகக் கணக்கிட்ட உயரங்களிலேயே T₁-க்கு வேண்டியவையும் அடங்கிவிடுகின்றன. செலவு ஒரு கழித்தல், ஒரு வகுத்தல், இன்னொரு கழித்தல், அவ்வளவே.

விடை முன்பே தெரிந்த ஒரு கணக்கில் இதைப் போட்டுப் பார்ப்பது நல்லது. 1/x என்ற வளைகோட்டின் கீழே, x = 1 முதல் x = 2 வரை உள்ள பரப்பு 2-இன் இயல் மடக்கை. அதன் மதிப்பு 0.693147. வங்கியில் போட்ட பணம் எத்தனை ஆண்டில் இரட்டிப்பாகும் என்று அறிய 70-ஐ வட்டி விகிதத்தால் வகுப்பார்களே, அந்த 70 இந்த எண்ணிலிருந்து வந்ததுதான்.

முதலில் ஒரே பட்டை. இடது உயரம் 1, வலது உயரம் 0.5, அகலம் 1. பரப்பு 0.75. உண்மையைவிட 0.0569 கூடுதல். அடுத்து இரண்டு பட்டைகள். நடுவில் x = 1.5 என்ற இடத்தில் உயரம் 0.666667. பரப்பு 0.708333, பிழை 0.0152. பிழை கால் பங்கை ஒட்டி வந்துவிட்டது. இரண்டு விடைகளின் வித்தியாசம் 0.041667, அதில் மூன்றில் ஒரு பங்கு 0.013889. அதைக் கழித்தால் 0.694444. பிழை 0.0013 மட்டுமே. மூன்று உயரங்களை வைத்துக்கொண்டு, பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகப் பிழையைச் சுருக்கியாயிற்று.

நான்கு பட்டைகளில் சரிவக விதி தருவது 0.697024, எட்டுப் பட்டைகளில் 0.694122. இவை இரண்டையும் மேற்சொன்னபடி சேர்த்தால் 0.6931545 வருகிறது. பிழை ஒரு லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு. சேர்க்காமல் சரிவக விதியை மட்டும் நம்பி இதே துல்லியத்தை எட்ட வேண்டுமானால் 93 பட்டைகள் வேண்டும். எட்டுப் பட்டைகளுக்கு வேண்டியவை ஒன்பது உயரங்கள். 93 பட்டைகளுக்கு 94. மிச்சமாகும் உழைப்பு அந்த வித்தியாசம்தான்.

இந்த முறையில் வரும் விடை முற்றிலும் புதிதும் அல்ல. ஒரு பட்டை, இரண்டு பட்டை விடைகளைச் சேர்க்கும்போது மூன்று உயரங்களும் எந்த எடையில் வருகின்றன என்று விரித்துப் பார்த்தால், ஓரங்களுக்கு ஒன்று, நடுவுக்கு நான்கு என்று வரும். மொத்தத்தை ஆறால் வகுத்து அகலத்தால் பெருக்க வேண்டும். கல்லூரியில் படித்தவர்களுக்கு இது சிம்ப்சன் விதி என்று உடனே தெரியும். பாடநூல்களில் மூன்று புள்ளிகள் வழியே ஒரு பரவளையத்தை வரைந்து அந்த விதியை வருவிப்பார்கள். இங்கே பரவளையம் எதையும் வரையாமலே, பிழையைக் கழிக்கும் ஒரே எண்ணத்திலிருந்து அது வந்துவிட்டது. 1, 4, 1 என்ற எடைகளை மனப்பாடம் செய்யும் மாணவருக்கு அந்த 4 எங்கிருந்து வந்தது என்பது இந்த வழியில்தான் தெளிவாகப் புலப்படும்.

இந்த எண்ணத்துக்கு வயது அதிகம். ஆர்க்கிமிடீஸ் வட்டத்துக்குள்ளும் வெளியிலும் 96 பக்கங்கள் கொண்ட பலகோணங்களை வைத்து π-யின் எல்லைகளைக் கண்டார். பலகோணத்தின் பக்கங்களை இரட்டிப்பாக்கினாலும், பட்டையைப் பாதியாக்கியதைப் போலவே, பிழை ஏறத்தாழக் கால் பங்காகும். டச்சு அறிஞர் கிறிஸ்தியான் ஹைகன்ஸ் 1654-இல் வெளியிட்ட வட்ட அளவு பற்றிய நூலில் இதைப் பிடித்துக்கொண்டார். வட்டத்துக்குள் வரைந்த ஒரு பலகோணத்தின் பரப்பையும், பக்கங்களை இரட்டித்த பலகோணத்தின் பரப்பையும் எடுத்து, வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கை இரண்டாவதோடு கூட்டினால், அப்போதும் வட்டத்தின் பரப்பு அதைவிட அதிகமாகவே இருக்கும் என்று வடிவியலால் நிறுவினார். ஆரம் 1 உள்ள வட்டத்தில் 12 பக்கப் பலகோணத்தின் பரப்பு சரியாக 3. 24 பக்கங்களுக்கு 3.105829. வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டினால் 3.141105. உள்ளே வரைந்த 96 பக்கப் பலகோணத்தின் பரப்பு 3.13935தான். 24 பக்கங்களோடு நின்றவரின் விடை, 96 பக்கங்கள் வரை போய்த் திருத்தாமல் விட்ட விடையைவிட உண்மைக்கு நெருக்கம்.

இதை எந்தக் கணக்குக்கும் பொருந்தும் பொது முறையாக்கியவர் ஆங்கிலேயரான லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன். வானிலையைக் கணக்குப் போட்டுச் சொல்ல முயன்ற முன்னோடியாகவே அவர் இன்று அதிகம் அறியப்படுகிறார். அதற்கு முன்பே, கல்லால் கட்டிய ஓர் அணைக்குள் அழுத்தம் எப்படிப் பரவுகிறது என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு, அணையின் குறுக்குவெட்டைக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு புள்ளிக்கும் விடை கண்டார். அந்த ஆய்வு 1911-இல் வெளியானது. கணக்குப் போட்டவர்களுக்கு அவர் புள்ளி வாரியாகக் கூலி கொடுத்தார்; எண்ணில் உள்ள ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒரு பென்னியில் பதினெட்டில் ஒரு பங்கு என்பது கணக்கு. கட்டத்தின் அகலத்தைப் பாதியாக்கினால் புள்ளிகள் நான்கு மடங்காகும். கூலியும் அதற்கேற்பக் கூடும். கரடுமுரடான இரண்டு விடைகளைச் சேர்த்து நல்ல விடை பெறுவதன் அருமை அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். 1927-இல் ஜே. ஏ. காண்ட் என்பவரோடு சேர்ந்து இந்த முறையை விரிவாக எழுதினார். இன்று உலகெங்கும் இதற்கு ரிச்சர்ட்சன் புறச்செருகல் என்றே பெயர். அளந்த புள்ளிகளின் போக்கைப் பார்த்து, அளக்காத இடத்தில், அதாவது பட்டையின் அகலம் பூச்சியமாகும் இடத்தில், விடை என்னவாக இருக்கும் என்று நீட்டிப் பார்ப்பதால் அந்தப் பெயர்.

ஒரு முறை சேர்த்ததோடு நிறுத்த வேண்டியதில்லை. அதற்குக் காரணம், 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆய்லரும் மக்லாரினும் தனித்தனியே கண்ட ஒரு வாய்பாடு. சரிவக விதியின் பிழையை அது பகுதி பகுதியாகப் பிரித்துக் காட்டுகிறது. வளைவு எங்கும் சீராக இருந்தால், பிழையின் முதல் பகுதி அகலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அடுத்தது நான்காம் அடுக்கை, அதற்கடுத்தது ஆறாம் அடுக்கை. ஒற்றைப்படை அடுக்குகள் வருவதே இல்லை. இன்னொன்றையும் அந்த வாய்பாடு சொல்கிறது. முதல் பகுதியின் அளவைத் தீர்மானிப்பவை வளைவின் இரண்டு முனைகளில் உள்ள சாய்வுகள் மட்டுமே. வலமுனைச் சாய்விலிருந்து இடமுனைச் சாய்வைக் கழித்து, 12-ஆல் வகுத்து, அகலத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் போதும். நடுவில் வளைவு என்ன செய்தாலும் இந்தப் பகுதியில் அதற்குப் பங்கில்லை. 1/x-இன் சாய்வு x = 1-இல் −1, x = 2-இல் −1/4. வித்தியாசம் 3/4, பன்னிரண்டால் வகுத்தால் 0.0625. எட்டுப் பட்டைகளுக்கு இதை 64-ஆல் வகுத்தால் 0.000977. உண்மையில் வந்த பிழை 0.000975.

4-ஐயும் 3-ஐயும் கொண்டு சேர்க்கும்போது வர்க்கப் பகுதி போய்விடுகிறது. எஞ்சுவதில் பெரியது நான்காம் அடுக்குப் பகுதி. அகலம் பாதியானால் அது பதினாறில் ஒரு பங்காகும். ஆகவே திருத்திய விடைகள் இரண்டு கையில் இருந்தால், அவற்றின் வித்தியாசத்தைப் பதினைந்தால் வகுத்து மீண்டும் திருத்தலாம். நம் கணக்கில் 2, 4 பட்டைகளிலிருந்து வந்த திருத்திய விடை 0.693254; 4, 8 பட்டைகளிலிருந்து வந்தது 0.6931545. இவற்றை இப்படிச் சேர்த்தால் 0.6931479. பிழை பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் கீழே போய்விட்டது. சரிவக விதி மட்டும் என்றால் இதற்கு முந்நூறு பட்டைகள் அளவுக்குத் தேவைப்படும். இப்படி அடுக்கடுக்காகத் திருத்தி முக்கோணமாக எழுதிக்கொண்டு போகும் ஒழுங்கை 1955-இல் நார்வேயில் வெளியிட்டவர் வெர்னர் ரோம்பெர்க். நாஜிகளின் ஆட்சியில் ஜெர்மனியை விட்டு வெளியேறி, சோவியத் நாடு வழியாக நார்வேக்குப் போய்ச் சேர்ந்தவர் அவர். கணினிகள் பரவத் தொடங்கிய காலத்தில் வந்ததால் ரோம்பெர்க் முறை விரைவாகவே புழக்கத்துக்கு வந்தது.

இவ்வளவும் ஒரே நிபந்தனையின்மேல் நிற்கிறது: அகலம் பாதியானால் பிழை கால் பங்காக வேண்டும். அது நடக்காத இடத்தில் மூன்றால் வகுப்பதற்குப் பொருளே இல்லை. √x என்ற வளைகோட்டை 0 முதல் 1 வரை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். பரப்பு மூன்றில் இரண்டு, அதாவது 0.666667. பார்வைக்கு இதுவும் சாதாரண வளைவுதான். ஆனால் இடது முனையில் அது செங்குத்தாக எழும்புகிறது. அங்கே அதன் சாய்வுக்கு எல்லையே இல்லை. முனைகளின் சாய்வை நம்பியிருந்த வாய்பாடு அங்கேயே உடைந்துவிடுகிறது. 4 பட்டைகளில் விடை 0.643283, 8 பட்டைகளில் 0.658130. வழக்கம்போலச் சேர்த்தால் 0.663079. பிழை 0.0085-இலிருந்து 0.0036 ஆகக் குறைகிறது. பாதிக்கும் கீழே வந்தது உண்மைதான். ஆனால் 1/x-இல் இதே பட்டைகளைச் சேர்த்தபோது பிழை நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே போயிற்று.

விடை தெரியாத கணக்கில் இதை எப்படிக் கண்டுகொள்வது? இரண்டு விடைகள் போதாது, மூன்று வேண்டும். முதல் இரண்டின் வித்தியாசத்தை, அடுத்த இரண்டின் வித்தியாசத்தால் வகுத்துப் பார்க்க வேண்டும். பிழை ஒழுங்காகக் கால் பங்கு ஆகிக்கொண்டு வந்தால் இந்த ஈவு 4-ஐ நெருங்கும். 1/x-இல் 1, 2, 4 பட்டைகளுக்கு அது 3.68; 2, 4, 8 பட்டைகளுக்கு 3.90. போக்கு சரியாக இருக்கிறது. √x-இல் அதே ஈவுகள் 2.61, 2.68. பட்டைகளை எவ்வளவு கூட்டினாலும் அது 2.83-ஐத் தாண்டாது, இரண்டின் ஒன்றரை அடுக்கு அந்த எண். காரணம் தெரிந்துவிட்டால் திருத்தவும் முடியும். இங்கே பிழை கால் பங்காகக் குறையாமல் 2.83-இல் ஒரு பங்காகக் குறைவதால், வித்தியாசத்தை 3-ஆல் வகுக்காமல் 1.83-ஆல் வகுத்துக் கூட்ட வேண்டும். அதே இரண்டு விடைகளிலிருந்து இப்போது 0.666250 கிடைக்கிறது, பிழை 0.0004. x = t² என்று மாறியை மாற்றிக்கொண்டு செங்குத்து முனையையே இல்லாமல் செய்வது அதைவிட நல்ல வழி.

கருவியால் அளந்த தரவுகளில் வேறொரு தொல்லை. அளவீட்டிலேயே பிழை இருந்தால் அது பட்டையின் அகலத்தைப் பார்த்துக் குறைவதில்லை. சரிவக விதியின் பிழை அளவீட்டுப் பிழையைவிடச் சிறிதாகிவிட்ட பிறகு திருத்துவதில் பயன் ஏதுமில்லை. ஈவும் 4-ஐ விட்டுத் தாறுமாறாக அலையத் தொடங்கும். அளவீடுகள் சம இடைவெளியில் இல்லாவிட்டால் இந்த முறையை இப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது.

விசித்திரமான நிலை ஒன்று பாக்கி இருக்கிறது. திரும்பத் திரும்ப ஒரே வடிவில் வரும் அலையை, ஒரு முழுச் சுற்று அளவுக்கு எடுத்துக்கொண்டால், இரண்டு முனைகளிலும் சாய்வு ஒன்றே. ஆய்லர்–மக்லாரின் வாய்பாட்டில் வர்க்கப் பகுதி பூச்சியம். அடுத்தடுத்த பகுதிகளும் பூச்சியம். கழிப்பதற்கு முதன்மைப் பிழை என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. e-யின் அடுக்காக cos x-ஐ வைத்த சார்பை 0 முதல் 2π வரை எடுத்துக்கொண்டால் உண்மையான பரப்பு 7.954927. இரண்டு பட்டைகளில் 9.6955, நான்கு பட்டைகளில் 7.9893, நான்கு பட்டைகளிலேயே பிழை 0.034தான். இவற்றைச் சேர்த்துத் திருத்தினால் வருவது 7.4206, பிழை 0.53. நல்ல விடையைத் திருத்தம் பதினைந்து மடங்கு கெடுத்துவிட்டது. முழுச் சுற்று அலைகளுக்குச் சரிவக விதியின் விடையைத் தொடாமல் விட்டு, பட்டைகளை இன்னும் ஒரு முறை பாதியாக்கிப் பார்ப்பதே சரி.